வட்டியில்லாத் தவணையில் வட்டி எங்கே?

போன் விலை 60,000 ரூபாய். ஆன்லைனில் பணம் கட்டும் இடத்தில், மாதம் 10,000 வீதம் ஆறு மாதம், 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று காட்டுகிறது. கணக்கு சரிதான். ஆனால் எந்த வங்கியும் சும்மா கடன் கொடுப்பதில்லையே!

கிரெடிட் கார்டு எண்ணைப் போட்டதும், அதன் முதல் சில இலக்கங்களை வைத்தே அது எந்த வங்கியின் கார்டு என்று தெரிந்து, அந்த வங்கியின் தவணைத் திட்டங்கள் வரும். வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டியில் மாதம் 10,000 வீதம் ஆறு மாதத்தில் அடையக்கூடிய கடன் 57,297 ரூபாய்தான். மீதி 2,703 ரூபாயைக் கடைக்காரரோ போன் கம்பெனியோ முதலிலேயே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள். வங்கி 57,297ஐக் கடனாக எழுதிக்கொண்டு, அதே 2,703ஐ உங்களிடம் வட்டியாக வசூலிக்கிறது. ஆக, வட்டி உண்டு; அதற்கு ஈடாகத் தள்ளுபடியும் உண்டு.

இடிப்பது ஜி.எஸ்.டி.யில். கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத வரி உண்டு. தள்ளுபடி வட்டியோடு நின்றுவிடுகிறது. வரி உங்கள் தலையில். முதல் மாத வட்டி 764 ரூபாய், அதற்கு வரி சுமார் 138. அசல் குறையக் குறைய வட்டியும் இறங்கி, கடைசி மாத வரி 24 ரூபாயாகிவிடும். மொத்தம் 487. இதுபோக வங்கி 199 ரூபாய் பிராசஸிங் கட்டணம் போட்டால், வரியோடு 235. கடைசியில் போனுக்கு நீங்கள் கொடுத்தது 60,722 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மொத்தமாகக் கட்டுபவருக்குக் கடையில் வேறு தள்ளுபடி இருந்திருந்தால், அதை விட்டுக்கொடுத்ததையும் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தவணையாக மாற்றும் முன்பே பிரித்துக் காட்ட வேண்டும், வட்டியுள்ள தவணையை 'நோ காஸ்ட்' என்று மூடி மறைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்தது. அந்த விவரத்தைத் திறந்து பார்க்காமல் பட்டனை அழுத்துவது நம் தவறு.

ஒரு மாதத் தவணை தவறினால் கதையே வேறு. தாமதக் கட்டணம் விழும். கட்டாத தொகைக்குக் கார்டின் வழக்கமான வட்டி ஓடும். பல கார்டுகளில் அது மாதத்துக்கே மூன்று சதவீதத்துக்கு மேல்.

போனைத் திருப்பிக் கொடுத்தாலும் கவனம் தேவை. கடை பணத்தைக் கார்டுக்கு அனுப்பிவிடும். ஆனால் தவணை தானாக ரத்தாகாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். வங்கியை அழைத்து அதை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். பிராசஸிங் கட்டணமும் அதுவரை கட்டிய வட்டியும் பெரும்பாலும் திரும்பி வராது.