புதன், சனி காலைகளில் வரும் காய்

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாட்ஸ்அப் குழு இல்லாத பிளாக்கைப் பார்ப்பது அரிது. அந்தக் குழுக்கள் சிலவற்றில் வாரம் இரண்டு முறை ஒரு பட்டியல் வந்து விழும். வெண்டை, கத்தரி, புடலை, பீர்க்கு, கொத்தவரை, சிறுகீரை, அரைக்கீரை, எதிரே விலை. திங்கள் இரவுக்குள் சொன்னால் புதன்கிழமை காலை, வியாழன் இரவுக்குள் சொன்னால் சனிக்கிழமை காலை, காய் வாசலுக்கு வந்துவிடும். திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து இங்கே வர ஒன்றிரண்டு மணி நேரம் போதும்.

வீடு தேடி வரும் காய் புதிதல்ல. தள்ளுவண்டி தெருவுக்குத் தெரு வந்த ஊர்தான் இது. பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் செயலிகளும் இருக்கின்றன. இங்கே வேறுபாடு, ஆர்டர் முதலில் வருகிறது, பறிப்பது பிறகு நடக்கிறது என்பதில் இருக்கிறது. கோயம்பேட்டுக்குப் போகும் காயைப் பறிக்கும்போது அதை யார் வாங்குவார், என்ன விலை கிடைக்கும் என்று விவசாயிக்குத் தெரியாது. கிழமை குறித்த விற்பனையில் இரண்டும் முன்பே தெரிந்துவிடுகின்றன.

கீரையை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும். சிறுகீரை விதைத்து ஏறக்குறைய 25 நாளில் வேரோடு பிடுங்கும் பதத்துக்கு வரும். ஒரு வாரம் விட்டால் தண்டு முற்றிவிடும். ஆகவே வாரம் இரண்டு நாள் கீரை தர ஒப்புக்கொண்டவர் ஒரே நாளில் நிலம் முழுவதும் விதைக்க முடியாது. மூன்று நான்கு நாள் இடைவெளியில் பாத்தி பாத்தியாக விதைத்துக்கொண்டே போக வேண்டும். இந்தப் புதன்கிழமைக் கீரை, மூன்றரை வாரத்துக்கு முன்பே முடிவானது. முந்தின நாள் வெயில் தாழ்ந்த பிறகு அதைப் பிடுங்கி, மோட்டார் தண்ணீரில் வேர் மண்ணை அலசி, வாழை நாரால் கட்டி, நிழலில் நிறுத்தி வைத்து ஈரச் சாக்கு போடுகிறார்கள். உச்சி வெயிலில் பிடுங்கிய கீரைக்கு எத்தனை ஈரச் சாக்கு போட்டாலும் மறுநாள் இலை சோர்ந்துதான் வரும்.

வெண்டைக்காய் இந்தக் கிழமைக் கணக்குக்கு எளிதில் அடங்காது. காய்ப்பு தொடங்கிவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். விட்டால் காய் நாராகிவிடும். முற்றிய காய் செடியிலேயே நின்றால் புதுப் பிஞ்சு பிடிப்பதும் குறையும். வண்டியோ வாரத்தில் இரண்டே நாள். நடுவில் பறித்த காய் எங்கே போகும்? உள்ளூர்ச் சந்தைக்கோ, உழவர் சந்தைக்கோ, பழைய கமிஷன் கடைக்கோதான். குடியிருப்பு விற்பனையை நம்பி மண்டியை அடியோடு விட்டுவிட்ட விவசாயி இந்த இடத்தில்தான் அடிபடுகிறார். விளைச்சலில் ஒரு பங்குக்கு மட்டுமே இது வழி என்பதை இரு தரப்பும் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. ஜப்பானில் 1970களில் பரவிய ‘தெய்கெய்’ முறை இதற்கு வேறு விடை கண்டது. அதில் விவசாயியோடு சேரும் குடும்பங்கள், ஒப்புக்கொண்ட திட்டப்படி விளைந்ததை முழுதும் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் குடியிருப்புகளில் அவ்வளவு தூரம் வருகிறவர்கள் குறைவு. பிடித்த காயை மட்டும் பொறுக்கிக்கொள்வதே வழக்கம்.

இனி, வண்டிக் கணக்கு. ஒரு நடைக்குக் குட்டி யானை வாடகையும் டீசலும் ஆள் கூலியும் சேர்த்து 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 வீடுகள் வாங்கினால் வீட்டுக்கு 50 ரூபாய்ச் செலவு. ஒரு வீடு 300 ரூபாய்க்குக் காய் வாங்கினால் அதில் ஆறில் ஒரு பங்கு வண்டிக்கே போய்விடும். அதே வளாகத்தில் 80 வீடுகள் சேர்ந்தால் செலவு 25 ரூபாயாக இறங்குகிறது. 80 வீடுகளும் பத்துத் தெருக்களில் சிதறிக் கிடந்தால் இந்த லாபம் இல்லை. வண்டி ஒரே கேட்டில் நிற்க, லிஃப்டில் ஏறி ஒவ்வொரு மாடியாக இறக்கிக்கொண்டு வர முடிவதால்தான் அடுக்குமாடியில் இது நடக்கிறது. கிழமை குறிப்பதும் இதற்குத்தான். நினைத்தபோதெல்லாம் ஆர்டர் எடுத்தால் வண்டி பாதி காலியாகவே ஓடும்.

எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மொத்த ஆர்டர் 22 கிலோ வெண்டை என்றால், அனுபவம் உள்ளவர்கள் தோட்டத்தில் 25 கிலோ கேட்பார்கள். நுனி ஒடியாத முற்றல், புழு துளைத்தது, கோணல் என்று கழிவு போகத்தான் கைக்கு வரும். இதை மறந்த நாளில் கடைசி நாலைந்து வீடுகளுக்குக் காய் இருக்காது. “அக்கா, இன்னிக்கு வெண்டை பத்தல, அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்” என்று வாசலில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். அமாவாசைக்கு முந்தின நாள் வாழைக்காய்க்கும் பூசணிக்கும் தேவை கூடும் என்பதும் பட்டியல் போடுகிறவருக்கு நினைவில் இருக்க வேண்டும்.

உண்மையாகவே பக்கத்துத் தோட்டத்துக் காயா என்று வீட்டில் இருப்பவர் கண்டுபிடிக்கலாம். கேரட்டும் பீன்ஸும் சித்திரை வெயிலிலும் வாரம் தவறாமல் பட்டியலில் இருந்தால், அவை செங்கல்பட்டு மண்ணில் விளைந்தவை அல்ல. ஊட்டி, கொடைக்கானல், ஓசூர் போன்ற குளிர்ந்த பகுதிகளிலிருந்து சந்தை வழியாக வந்தவை. பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் வெளிமாநிலச் சரக்கு. அவற்றையும் சேர்த்துக் கொடுப்பதில் தவறில்லை. எல்லாமே வாங்க வேண்டிய வீட்டுக்கு அது வசதிதான். எது தோட்டத்துக் காய், எது சந்தைக் காய் என்று பிரித்துப் போடாததுதான் தவறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை அழுகிப் பட்டியல் சுருங்க வேண்டும். மழையிலும் வெயிலிலும் ஒரே பட்டியல் வந்தால் சந்தேகப்படலாம்.

இந்த ஏற்பாட்டின் உறுதி விலையில்தான் சோதிக்கப்படுகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்தது. அடுத்த சில வாரங்களிலேயே விலை மளமளவென்று சரிந்தது. மாதத்துக்கு ஒரே விலை என்று பேசி வைத்திருந்தால், முதல் கட்டத்தில் மண்டி விவசாயியை இழுக்கும். இரண்டாம் கட்டத்தில் கேட்டுக்கு வெளியே நிற்கும் மலிவு விலை வண்டி வீட்டுக்காரர்களை இழுக்கும். யார் முதலில் நகர்ந்தாலும் ஏற்பாடு உடையும். ஏறினாலும் இறங்கினாலும் இந்த எல்லைக்குள்தான் என்று மேல்விலையும் கீழ்விலையும் முன்பே முடிவு செய்துகொள்வதுதான் நியாயமான வழி.

வாங்குகிறவர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஆர்டர் முடியும் நேரத்துக்கு முன் சொல்லிவிடுங்கள். அப்போது சொன்னால் கீரை பாத்தியிலேயே இருக்கும், வேறு வீட்டுக்குத் தரலாம். புதன்கிழமை காலை பூட்டிய கதவில் மாட்டிவிட்டுப் போகும் கட்டுக்குப் பணம் வந்தாலும், அது யாருக்கும் சாப்பாடாகாது.