பாதி லாபம், யாருக்கு நஷ்டம்?
கூட்டுத் தொழிலில் ஒரு கணக்கு

இரண்டு பேர் சேர்ந்து தொழில் தொடங்குகிறார்கள். தொழிலில் லாபம் வருகிறது. ஆனாலும் ஒருவருக்கு நஷ்டம்! இப்படி நடக்குமா? நடக்கும். ஒரு கணக்கைப் பாருங்கள்.

மண் தோண்டும் இயந்திரங்கள் இரண்டு. விலை 1 கோடி ரூபாய். பெரிய கூட்டாளி 70 லட்சம் போடுகிறார். சின்னக் கூட்டாளி 30 லட்சம் போடுகிறார். "வேலையைக் கவனிப்பவன் நான். ஆகவே, வருவதில் பாதி எனக்கு" என்கிறார் சின்னவர். பெரியவரும் சம்மதிக்கிறார்.

செலவு போக, முதல் ஆண்டு முடிவில் 66 லட்சம் கைக்கு வருகிறது. இரண்டாம் ஆண்டு முடிவில், இயந்திரங்களை விற்ற பணத்தையும் சேர்த்து 72 லட்சத்து 60 ஆயிரம் வருகிறது.

இன்றைய மதிப்பு

நாளை வரும் பணமும் இன்று கையில் உள்ள பணமும் ஒன்றல்ல. அந்தப் பணத்தை வேறு இடத்தில் போட்டால் ஆண்டுக்கு 10 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக் கொள்வோம். இன்றைய 60 லட்சம் அடுத்த ஆண்டு 66 லட்சம் ஆகும். அதற்கு அடுத்த ஆண்டு 72 லட்சத்து 60 ஆயிரம் ஆகும். ஆகவே இரண்டு வரவும் இன்றைய மதிப்பில் தலா 60 லட்சம்தான். மொத்தம் 120 லட்சம். முதலீடான 100 லட்சத்தைக் கழித்தால், தொழிலின் நிகர லாபம் 20 லட்சம்.

பங்கு போட்டால்...

ஆளுக்குப் பாதி என்றால் தலா 60 லட்சம். பெரியவர் போட்டது 70 லட்சம். அவருக்கு 10 லட்சம் நஷ்டம். சின்னவர் போட்டது 30 லட்சம். அவருக்கு 30 லட்சம் லாபம்! 30-ல் 10-ஐக் கழித்தால் 20. மொத்த லாபம் மாறவில்லை. ஒருவர் பையில் இருந்தது இன்னொருவர் பைக்குப் போய்விட்டது.

முதலின் விகிதப்படி பிரித்தால் பெரியவருக்கு 14 லட்சமும், சின்னவருக்கு 6 லட்சமும் லாபம். அதாவது, சின்னவரின் உழைப்புக்குப் பெரியவர் கொடுத்த விலை 24 லட்சம்! அது அவருக்கே தெரியாது.

பெரியவர் நஷ்டப்படாமல் இருக்க, வரவில் சுமார் 58 சதவீதமாவது வேண்டும். சின்னவருக்கு 25 சதவீதமாவது வேண்டும். பேரம் இந்த இரண்டு எல்லைகளுக்கு உள்ளேதான் நடக்க முடியும்.

வழி என்ன?

பெரியவர் கூடுதலாகப் போட்ட 40 லட்சத்தைத் தொழிலுக்குக் கொடுத்த கடனாக எழுதிக் கொள்ளலாம். முதல் ஆண்டு வரவில் 10 சதவீத வட்டியுடன் 44 லட்சத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மீதி 22 லட்சத்தையும், அடுத்த ஆண்டு வரவையும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். அப்போது இருவருக்கும் இன்றைய மதிப்பில் தலா 10 லட்சம் லாபம்.

வரவு குறைந்தால்? கடனை முதலில் அடைப்பதா, சமமாகப் பிரிப்பதா என்ற சண்டை அப்போதுதான் வரும். இதையும் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால், இயந்திரம் மண்ணைத் தோண்டும். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் குழி தோண்டுவார்கள்!