முதலாளிக்கு அரைப்பக்கம் போதும்

ஒரு டிபன் ஹோட்டலில் மாதம் முழுக்க வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகள் 240 வரிகளாக எக்செல் கோப்பில் சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வெறுமையாக விட்டவை, ‘ஓகே’ என்று மட்டும் எழுதியவை, இரண்டு முறை பதிவானவை ஆகியவற்றை நீக்கினால் 208 மிஞ்சும். கணக்கு இந்த 208-இலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பலரும் நேராகச் சொல்தேடலில் இறங்கிவிடுகிறார்கள். ‘லேட்’ என்று தேடினால் “கூட்டம் இருந்தும் லேட்டே ஆகலை” என்ற பாராட்டு புகாரில் சேர்ந்துவிடும். “அரைமணி நேரம் உட்கார்ந்தே இருந்தோம்” என்ற உண்மையான புகாரோ அகப்படாது. தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ் என்று மூன்று விதமாகவும் மக்கள் எழுதுவதால், கண்ணால் படிப்பதைத் தவிர வழியில்லை. 208 வரிகளை ஒரு மதியத்தில் படித்துவிடலாம்.

முதல் 40 கருத்துகளைப் படிக்கும்போதே எவை திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரிந்துவிடும். சுவை, தாமதம், சாம்பார் ஆறிப்போனது, பார்க்கிங் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி திறந்து, பொருந்தும் இடத்தில் 1 போட வேண்டும். “தோசை அருமை, ஆனா பில் வர நேரமாச்சு” என்பதற்கு இரண்டு பத்திகளிலும் 1 விழும். அதனால் பத்திகளின் கூட்டுத்தொகை 208-ஐத் தாண்டலாம், அது பிழையல்ல.

தாமதத்துக்கு 61 வந்தது என்று கொள்வோம். இதை அப்படியே கொடுத்தால் முதலாளி இன்னொரு மாஸ்டரை வேலைக்கு வைப்பார். அந்த 61 கருத்துகளை மட்டும் மறுபடி படித்து, எதற்காகக் காத்திருந்தார்கள் என்று பிரித்தால் 34 பேர் பில்லுக்காகக் காத்திருந்தது தெரிகிறது. பாதிக்கு மேற்பட்ட தாமதத்துக்கு அடுப்படி காரணமே இல்லை! ‘தாமதம்’ என்ற தலைப்பு, செய்ய வேண்டிய வேலையைக் காட்டும் அளவுக்கு நுணுக்கமாக இல்லாததுதான் சிக்கல்.

பில் தாமதம் F பத்தியிலும் கிழமை B பத்தியிலும் இருந்தால், ஞாயிறு எண்ணிக்கை இப்படிக் கிடைக்கும்:

```
=COUNTIFS(F2:F209,1,B2:B209,"ஞாயிறு")
```

விடை 23. ஆனால் ஞாயிறன்று கூட்டமே அதிகம் அல்லவா? எனவே அன்று வந்த மொத்தக் கருத்துகளோடு ஒப்பிட வேண்டும். ஞாயிறு 60 கருத்துகளில் 23, மற்ற நாள்களின் 148-இல் 11 என்றால் வித்தியாசம் உண்மையானது. ஞாயிறு மட்டும் இரண்டாவது பில் கவுண்டரைத் திறந்து பார்க்கலாம்.

இந்த எண்கள் எழுத முன்வந்தவர்களின் குரல் மட்டுமே. ‘வாடிக்கையாளர்களில் இத்தனை சதவீதம்’ என்று அறிக்கையில் எழுதுவது தவறாகும். ‘208 கருத்துகளில் 34’ என்பதே சரி.

முதலாளியிடம் போகும் அரைப்பக்கத்தில் தலைப்பு, எண்ணிக்கை, வாடிக்கையாளர் எழுதியபடியே ஒரு வாக்கியம் என மூன்று விஷயங்கள் இருந்தால் போதும். “சட்னி சாப்பிட்டு குழந்தைக்கு வாந்தி” என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தால், எண்ணிக்கை 1 என்றாலும் அதை அரைப்பக்கத்தின் உச்சியில் வைத்து, அன்றே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.