ஒன்பது காட்சி, மூன்று நாள், ஒரு தாள்

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கண் மங்கிவரும் தையல்காரத் தாத்தா. மெஷினைக் கை பழக்கத்தில் ஓட்டிவிடுவார். காஜா, பட்டன், ஹெம்மிங் என்று கை ஊசி எடுக்கும்போதுதான் நூல் கோக்க முடியாமல் திணறுவார். அதனால் தினமும் காலையில் பத்து வயதுப் பேத்தி ஆறு ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சு அடைத்த சின்னத் திண்டில் குத்தி வைப்பாள். பள்ளி திறப்பதற்குள் அவளை அப்பா வெளியூருக்கு அழைத்துப்போக வருகிறார். கோபத்தில் ஒரு நாள் அவள் நூல் கோக்கவில்லை. மறுநாள் கிளம்ப வேண்டும் என்ற இரவில் நாற்பது ஊசிகளில் கோத்து வைத்துவிட்டுப் போகிறாள்.

நண்பர் ஒருவர் எழுதிய குறும்படக் கதை இது. ஒன்பது காட்சிகள், ஒன்பதரைப் பக்கம். உதவி இயக்குநராகச் சில வருடம் இருந்தவன் என்பதால் ஷெட்யூல் போடும் வேலை எனக்கு வந்தது. லொகேஷன், நடிகர்கள், ப்ராப்பர்ட்டி, காஸ்ட்யூம், எந்த நாளில் எந்தக் காட்சி என்பதெல்லாம் அடங்கிய குறிப்புத்தாள் எப்படி உருவாகிறது என்பதை இந்தக் கதையை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை அளப்பது. திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பங்காகப் பிரித்து, காட்சி எத்தனை பங்கு என்று குறிப்பது அமெரிக்க ஸ்டூடியோக்களிலிருந்து வந்த பழக்கம். எங்கள் கதையில் தையல் கடையில் ஐந்து காட்சிகள், மொத்தம் ஐந்து பக்கம். வீட்டில் மூன்று காட்சிகள், மூன்று பக்கம். பஸ் ஸ்டாண்டில் ஒரே காட்சி, ஒன்றரைப் பக்கம். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள சின்ன யூனிட் ஒரு நாளில் மூன்றிலிருந்து நான்கு பக்கம் எடுக்கும். அதற்கு மேல் எழுதினால் தாளில் நிற்கும், இடத்தில் நிற்காது. ஆகவே மூன்று நாள்.

அளந்த பிறகு படிப்பது. கதைக்காகப் படிப்பது வேறு, பொருளுக்காகப் படிப்பது வேறு. புதிதாக வருகிறவர்கள் பெயர்ச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுவார்கள்: தையல் மெஷின், கத்தரிக்கோல், ஊசி, துணி. நான் வினைச்சொற்களுக்குத்தான் முதலில் கோடு போடுவேன். இரண்டாம் காட்சியில் தாத்தா யூனிஃபார்ம் துணியை வெட்டுகிறார். வெட்டிய துணியை மறு டேக்குக்கு ஒட்ட முடியாது. நான்கு டேக் என்று வைத்தால் நான்கு துண்டுத் துணி வேண்டும், ஒரே கடையில், ஒரே தானில் வாங்கியது. வேறு தானில் வாங்கினால் நீலத்தின் சாயல் மாறிவிடும்; நேரில் பார்த்தால் தெரியாது, கேமராவில் பக்கத்துப் பக்கத்து ஷாட்டில் வைத்தால் தெரியும். அதே யூனிஃபார்ம் ஐந்தாம் காட்சியில் பாதி தைத்ததாக இருக்கிறது, ஏழாம் காட்சியில் முழுதாக. ஆக, தாளில் “யூனிஃபார்ம் – 1” என்று எழுதினால் அது தப்பு. வெட்டும் துணி நான்கு துண்டு, பாதி தைத்தது ஒன்று, முழுதாகத் தைத்தது ஒன்று என்று எழுத வேண்டும். பாதி தைத்ததை முடித்துப் பிறகு பயன்படுத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். ஷூட்டிங் கதை வரிசையில் போவதில்லையே. முழுதாகத் தைத்தது முதலில் தேவைப்படும் நாளும் வரலாம்.

ஊசித் திண்டுதான் இந்தப் படத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது. கதையே அந்த எண்ணிக்கையில் இருக்கிறது. முதல் காட்சியில் ஆறு ஊசி. இரண்டில் ஐந்து. மூன்றாம் காட்சி மாலை, ஒன்றுதான் மீதி. ஐந்தாம் காட்சியில் ஒன்றுமில்லை. ஏழில் நாற்பது. கடைசிக் காட்சியில் தாத்தா ஒன்றை உருவுகிறார், முப்பத்தொன்பது. காட்சி எண்ணுக்கு நேரே ஊசி எண்ணிக்கை, நூலின் நிறம், தொங்கும் நூலின் நீளம் ஆகிய மூன்றையும் தனிக் கட்டமாகப் போட்டேன். ஒரே மாதிரி மூன்று திண்டு தைக்கச் சொன்னோம். நாற்பது ஊசித் திண்டு முதல் நாள் தயாரானதும் டிபன் பாக்ஸில் வைத்து மூடி, தொடக்கூடாது என்று எழுதி ஒட்டினோம்.

இனி நாள் கணக்கு. இங்கே முதலில் கேட்க வேண்டியது யாரால் வளைய முடியாது என்பது. தாத்தாவாக நடித்தவர் நாடகக்காரர், மூன்று நாளும் இருப்பார். கடைக்கார அண்ணாச்சி ஞாயிறு முழுநாளும், திங்கள் விடியற்காலை ஒரு மணி நேரமும் மாலை நாலரைக்கு மேலும் கடையைத் தருவதாகச் சொன்னார். பேத்திதான் எல்லாவற்றையும் தீர்மானித்தாள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள்படி, நடிக்கும் குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். குறும்படம்தானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விதி இல்லாவிட்டாலும், ஆறாம் மணி நேரத்தில் பத்து வயதுப் பிள்ளையின் முகத்தில் நடிப்பு இருக்காது, தூக்கம்தான் இருக்கும்.

வீட்டுக் காட்சிகள் மூன்றிலும் அவள் இருக்கிறாள். அதில் இரண்டு இரவுக் காட்சிகள். ராத்திரி பத்து மணிக்கு அவளை நிறுத்த மனசில்லை. எனவே சனிக்கிழமை காலை ஜன்னல் வெளிச்சத்தில் முதல் காட்சியை எடுத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, பட்டப்பகலில் இரவை எடுப்பதென்று முடிவானது. உடனே ப்ராப்பர்ட்டி பட்டியலில் கறுப்புத் துணி ஏறியது, மின்விசிறி ஏறியது. மூடிய அறையில் மே மாத வெக்கையில் தாத்தாவின் முதுகு வேர்த்தால் சட்டை நனைந்து தெரியும். எனவே காஸ்ட்யூம் பட்டியலில் அவருக்கு அதே சட்டை இன்னொன்று ஏறியது. ஒரு கட்டத்தில் எடுத்த முடிவு இன்னொரு கட்டத்தில் போய் உட்காரும். தாளை ஒரே மூச்சில் எழுதி முடிக்க முடியாததற்கு இதுதான் காரணம். நான் இதைப் பென்சிலில்தான் எழுதுவேன்.

கடைக் காட்சிகள் ஐந்தையும் ஞாயிறன்றே முடித்துவிடலாம் என்று முதலில் போட்டிருந்தேன். ஐந்து பக்கம் அதிகம் என்பதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. மூன்றாம் காட்சியும் ஒன்பதாம் காட்சியும் மாலை நேரம், இரண்டிலும் கடை வாசல் திறந்து தெரு தெரிகிறது. ஒரு நாளில் ஒரு மாலைதான் உண்டு. அந்தப் பக்கம் மேற்கே மலை இருப்பதால் வெயில் சீக்கிரம் மறைந்து, வெளிச்சம் கொஞ்ச நேரம் நீலமாக நிற்கும். அதில் ஒரு காட்சியை உருப்படியாக எடுக்கலாம், இரண்டை முடியாது. மூன்று ஞாயிறு மாலைக்கு, ஒன்பது திங்கள் மாலைக்கு என்று பிரித்தேன். அப்படியே ஏழாம் காட்சியின் விடியலும் திங்களுக்குப் போனது. ஏழு முடிந்ததும் எட்டு, அதாவது பஸ் ஸ்டாண்ட். கதையிலும் அது ஒரே காலை. அதே பாவாடை சட்டை, அதே பின்னல், அதே பூ.

ஞாயிற்றுக்கிழமைக்கு மிஞ்சியவை இரண்டு, ஐந்து, மூன்று. அந்த வரிசையில்தான் எழுதினேன். காஸ்ட்யூம் பார்த்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஐந்தை முதல்ல எடுத்துட்டா தாத்தாவுக்கு ஒரு தடவை சட்டை மாத்தினா போதும்லா?” என்றாள். இரண்டும் மூன்றும் கதையில் முதல் நாள், ஐந்து இரண்டாம் நாள். என் வரிசைப்படி வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட சட்டை, மறுபடி வெள்ளை. அவள் சொன்னபடி காலையில் கட்டம், பிறகு கடைசிவரை வெள்ளை. சட்டை மாற்றும் நேரம் பெரிதல்ல. திரும்பவும் பழைய சட்டைக்கு வரும்போதுதான் மடித்த கை எத்தனை மடிப்பு, எந்தப் பட்டன் திறந்திருந்தது என்று பிழைகள் நுழையும். கடை கிழக்கு பார்த்தது என்பதால் இன்னொரு லாபமும் கிடைத்தது. ஐந்தாம் காட்சியில் தாத்தா தானே நூல் கோக்கப் பார்த்துத் தோற்கிறார். காலை வெயில் நேராக அவர் கண்ணில் விழுந்தது.

இந்தக் காரணத்தால் கதையின் நாட்களைத் தாளில் தனியாகக் குறிக்க வேண்டும். ஷூட்டிங் நாள் ஒன்று, கதை நாள் ஒன்று. இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்தால் ஸ்பாட்டில் குழப்பம் நிச்சயம். எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. வேறொரு படத்தில் கதாநாயகனின் காயக்கட்டுக்கு “இரண்டாம் நாள்” என்று எழுதியிருந்தேன். மேக்கப்காரர் அதை ஷூட்டிங் நாளாக எடுத்துக்கொண்டார். அடிபடுவதற்கு முந்தைய காட்சியில் கட்டோடு நடந்து போனார் நாயகன். எடிட்டிங் டேபிளில்தான் கண்டோம்.

லொகேஷன் குறிப்பில் முகவரியும் சாவி யாரிடம் என்பதும் எல்லோரும் எழுதுவார்கள். சத்தத்தை எழுதுபவர்கள் குறைவு. கடைக்கு எதிர்த் தெருவில் கல்யாண மண்டபம். வைகாசி மாதம். வசனத்தை ஸ்பாட்டிலேயே பதிவு செய்வதாக இருந்தோம். நாங்கள் முதலில் குறித்த ஞாயிறு முகூர்த்த நாள். காலண்டரைப் புரட்டி ஒரு வாரம் தள்ளிவைத்தோம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளையும் விசாரித்துத் தாளில் எழுதிவைத்தோம்.

தள்ளிவைத்ததில் வேறொரு கவலை வந்தது. மே கடைசி வாரம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. மலைக்கு இந்தப் பக்கம் சாரல் சில நாள் முந்தியும் வரும். மழை வந்தால் எடுக்க உள்ளரங்கக் காட்சி ஒன்றைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, வெளிப்புறத்தை முதலில் முடிப்பதே பழைய பாடம். என் தாளில் வெளிப்புறம் கடைசி நாளில் இருந்தது. இயக்குநருக்குப் பிரிவுக் காட்சி அந்தப் பிள்ளைக்கும் கடைசிக் காட்சியாக இருக்க வேண்டும். ஸ்பீல்பெர்க் 1982இல் வந்த ‘ஈ.டி.’ படத்தைப் பெரும்பாலும் கதை வரிசையிலேயே எடுத்தது இந்தக் காரணத்துக்காகத்தான். பிரியும் காட்சி வரும்போது குழந்தைகளுக்கு அது நிஜமாகவே பிரிவாக இருந்தது. நானும் ஒத்துக்கொண்டேன். மழைக்கு மாற்றாக, பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் வைத்து அதே காட்சியை எடுக்கும் வழியை மட்டும் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.

திங்கள் காலை மேகம் கட்டியிருந்தது, தூறல் இல்லை. எட்டு மணி பஸ்ஸைத் தவறவிட்டோம். அடுத்த பஸ்ஸில் எடுத்தோம். பத்தரைக்குள் பிள்ளை வேலை முடிந்தது. அழுதுகொண்டே தாத்தா கையைப் பிடித்தவள் “கட்” சொன்ன பிறகும் விடவில்லை.

மாலையில் டிபன் பாக்ஸைத் திறந்தோம். திண்டில் ஊசிகளை எண்ணினேன். நாற்பது. முதல் டேக்கில் தாத்தா ஒன்றை உருவினார். இரண்டாம் டேக்குக்கு அதைத் திரும்பக் குத்த வேண்டும், நூல் தொங்கும் பக்கம் மாறாமல். காஸ்ட்யூம் பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஊசியைக் குத்தினாள். வெளியே தெரு நீலமாகிக்கொண்டிருந்தது.