கைகுலுக்கும் படத்துக்கு நாலு வரி

பிரஸ் நோட்டோடு வரும் அந்தப் படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பின்னால் பேனர், நடுவில் இரண்டு பேர் ஃபைலை மாற்றிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள், இரு பக்கமும் துறைத் தலைவர்கள். கீழே போட வேண்டிய படக்குறிப்பையும் கல்லூரியே எழுதி அனுப்பியிருக்கும்: “மாணவர்களின் திறன் மேம்பாட்டுக்காக இன்ன கல்லூரிக்கும் இன்ன நிறுவனத்துக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. இதனால் இரு தரப்பும் பயனடையும்.”

அந்தக் கடைசி வரியில்தான் என் பேனா நிற்கும். என்ன பயன்?

கோவைப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கும் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியும் கை கோக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியில் 400 பேர் வேலை செய்கிறார்கள். டிப்ளமோ முடித்த 20 பேரை ஓராண்டு அப்ரண்டிஸாக எடுக்கப் போகிறார்கள். கம்பெனி இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை வைத்துக்கொண்டே ஆக வேண்டும். 400 பேர் என்றால் குறைந்தது 10 பேர். அந்தக் கட்டாயம் இங்கே தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது பணம். 2019இல் திருத்திய விதிகள் டிப்ளமோ முடித்தவருக்கு மாத உதவித்தொகை குறைந்தது 8,000 ரூபாய் என்று வைத்தன. நேட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசியத் திட்டத்தில் பதிந்துகொண்டால், அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும். அந்தக் கணக்கில் தலைக்கு 4,000தான் கம்பெனியின் கையிலிருந்து போகும். அதைவிடப் பெரிய லாபம், ஒரு பையன் சிஎன்சி மெஷினில் எப்படி நிற்கிறான், இரவு ஷிஃப்டுக்கு வருகிறானா என்று ஒரு வருஷம் பார்த்துவிட்டு வேலைக்கு எடுக்கலாம். அரை மணி நேர இன்டர்வியூவில் இது தெரியாது.

கல்லூரிக்கு என்ன கிடைக்கிறது? அட்மிஷன் நேரத்தில் காட்ட ஒரு படம் என்று நாங்கள் டெஸ்க்கில் கிண்டல் செய்வோம். ஆனால் அது மட்டுமில்லை. கல்லூரிகளைத் தரம் பார்க்கும் ‘நாக்’ குழு, நடைமுறையில் உள்ள புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் எத்தனை என்று கலை, பொறியியல் கல்லூரிகளிடம் கேட்கிறது. கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தது கணக்கில் வராது. அதன் கீழ் என்ன நடந்தது என்று காட்ட வேண்டும். நம் பாலிடெக்னிக்குக்கோ ஆசிரியர்கள் ஷாப் ஃப்ளோருக்குப் போய்ப் புது மெஷினைப் பழகிவருவது ஒரு நல்ல வரவு. பாடத்திட்டத்தைவிட மெஷின் சீக்கிரம் மாறிவிடுகிறதே!

அப்ரண்டிஸ் காலம் முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நிறுவனமே எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பதும் பெரும்பாலும் ‘இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறோம்’ என்கிற எழுத்துதான். செய்யாவிட்டால் கோர்ட்டுக்கு இழுக்க அதில் பிடி இருக்காது. அதனால் படக்குறிப்பில் ‘வேலைவாய்ப்பு ஒப்பந்தம்’ என்றோ ‘வேலை உறுதி’ என்றோ ஒரு சொல் நுழைந்தால் பொய்யாகிவிடும். ஒருமுறை நானே அவசரத்தில் ‘பணி வாய்ப்பு வழங்கும்’ என்று போட்டுவிட்டேன். மறுநாள் காலை ஒரு அப்பா போன் செய்து, “எந்தத் தேதியில சார் சேரணும்?” என்று கேட்டார். ‘பயிற்சி அளிக்கும்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

ஆக, நம் கோவைப் படத்துக்கு நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

“இன்ன பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிக்கும் 20 பேருக்கு இன்ன பம்ப் நிறுவனம் ஓராண்டு தொழிற்பயிற்சி அளிக்கும். மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நிறுவனத்துக்குப் பயிற்சி பெற்ற ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும், கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆலையின் மெஷின்களில் பயிற்சியும் கிடைக்கும். மூன்றாண்டுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தை முதல்வரும் நிறுவன மேலாளரும் பரிமாறிக்கொண்டனர்.”

நாலே வாக்கியம். ‘திறன் மேம்பாடு’ போய்விட்டது, யாருக்கும் நஷ்டமில்லை. படத்தில் நிற்பவர்களில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றவர்களை ‘இடமிருந்து வலம்’ என்று அடுக்கினால் 20 பேர், ஓராண்டு, 8,000 ரூபாய் மூன்றுக்கும் இடம் இருக்காது.

இந்த எண்களை வாங்குவதுதான் பாடு. பிரஸ் நோட்டில் இருக்காது, போன் செய்துதான் கேட்க வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு நாள், உதவித்தொகை யார் தருவது என்று ஒரு கல்லூரியில் கேட்டேன். பிளேஸ்மென்ட் ஆபீசர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதெல்லாம் இனிமேதான் பேசணும் சார். படம் நாளைக்கே வந்துடும்ல? சேர்மன் கேக்கறார்” என்றார்.