குழந்தையின் கறுப்புக் கண்ணாடி

வைகாசி பிறக்கும் வேளையில், அதாவது மே மாதம் 15-ஆம் நாளை ஒட்டி, மும்பையில் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறான். பள்ளி விடுமுறையும் அப்பொழுதுதான். ஆண்டாப் ஹில் அரசுக் குடியிருப்பின் வெட்டவெளிகளில் ஆடும் சிறுவர் சிலர், நடைபாதைக் கடையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை அணிந்திருப்பதைக் காணலாம். அணிந்தவுடன் கூச்சம் தணிகிறது. ஆகவே கண்ணுக்குக் காவல் கிடைத்துவிட்டதெனப் பெற்றோர் கருதுவது இயல்பே. ஆனால் கூச்சம் வேறு, தீங்கு வேறு.

கண்ணைக் கூசச் செய்வது நாம் காணும் ஒளி. நாளடைவில் கண்புரைக்கும், வெள்ளை விழியில் சதை வளர்வதற்கும் துணை செய்வனவோ 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய புற ஊதாக் கிரணங்கள். அவை கண்ணுக்குத் தோன்றா. கண்ணாடியைக் கறுப்பாக்குவது சாயம். புற ஊதாவைத் தடுப்பதற்கெனப் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பொருளுக்கோ பெரும்பாலும் நிறமே இல்லை. ஆதலின் மிகக் கறுத்த கண்ணாடி புற ஊதாவை உள்ளே விடலாம். நிறமற்ற கண்ணாடி முழுவதும் தடுக்கலாம்.

தடுக்காத கறுப்புக் கண்ணாடி வெறுங்கண்ணினும் கேடாவது எவ்வாறு? கடும் வெயிலில் கண்ணின் பாவை சுருங்கி 2 மில்லிமீட்டர் விட்டம் உடையதாக இருக்கிறதெனக் கொள்வோம். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அது விரிந்து 4 மில்லிமீட்டர் ஆகிறது. விட்டம் இரு மடங்கானால் வாயிலின் பரப்பு நான்கு மடங்கு. கண்ணாடி புற ஊதாவிற் பாதியைத் தடுத்தாலும், நான்கிற் பாதி இரண்டு. வெறுங்கண்ணில் நுழைந்ததைப்போல் இரு மடங்கு உட்செல்கிறது. கருவிழியின் மேற்பரப்புக்கு இக்கணக்குப் பொருந்தாதுதான். ஆயினும், கூசும்போது இமைகளை இடுக்கிக்கொள்ளும் இயற்கைக் காவலை அதுவும் இழக்கிறது. பெரியவர்களின் விழிவில்லை புற ஊதாவைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். குழந்தையின் வில்லை தெளிந்தது. அதனைக் கடந்து ஒரு பகுதி விழித்திரை வரை செல்கிறது.

விலையைக் கொண்டு இதை அறிய இயலாது. மலிவான கண்ணாடியாயினும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காலானது புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். தடைப்பொருள் சேராத அக்ரிலிக் தகடு அவ்வாறன்று. மூக்குக் கண்ணாடிக் கடைகள் பலவற்றில் இதனை அளக்கும் சிறு கருவி உண்டு. கேட்டால் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்வர். ‘யு.வி. 400’ என்ற ஒட்டுச்சீட்டைக் காட்டிலும் அது நம்பத்தக்கது. கள்ள நோட்டைக் காணும் விளக்கைக் கொண்டும் ஓரளவு அறியலாம். விளக்கொளியில் ரூபாய் நோட்டின் எண்கள் ஒளிரும். இடையே கண்ணாடியைப் பிடித்து, அதன் வழியே பாராமல் பக்கத்திலிருந்து நோக்குங்கள். எண்கள் பளிச்சென்று தொடர்ந்து ஒளிர்ந்தால் அக்கண்ணாடி குழந்தைக்கு வேண்டாம். விளக்கு 365 நானோமீட்டர் வகையினதாக இருத்தல் வேண்டும். ஊதா வெளிச்சம் மிகுந்த மலிவு விளக்குகள் ஏமாற்றிவிடும். விளக்கைக் கண்ணால் நேரே பார்த்தல் கூடாது.

நல்ல கண்ணாடியும் மூக்கில் வழுக்கினால் மேலும் பக்கமும் வழியாக வெயில் நுழையும். விளிம்பு அகன்ற தொப்பி அதனைத் தடுக்கும். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கோ நிழலே போதும்.