மேப்பில் வர வேண்டியது கடை, வெப்சைட் அல்ல

மதுரையில் மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு சுங்குடிச் சேலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையிலும் விற்கிறார்கள்; வெப்சைட்டில் ஆர்டர் எடுத்துக் கூரியரிலும் அனுப்புகிறார்கள். கோயிலுக்கு வந்த ஒரு பெண் போனில் ‘சுங்குடி சேலை’ என்று தேடுகிறார். நான்கு தெரு தள்ளியிருக்கும் கடைகளெல்லாம் மேப்பில் வருகின்றன. கூப்பிடு தூரத்தில் உள்ள இந்தக் கடை வரவில்லை.

பெரும்பாலும் பதிவு செய்த விதத்தில்தான் கோளாறு இருக்கும். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இந்தப் பதிவு இலவசம். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழிலுக்குத்தான் அது கிடைக்கும். ஆன்லைனில் மட்டும் விற்பவருக்குக் கிடையாது. ஆகவே பதிய வேண்டியது வெப்சைட்டை அல்ல, ஷட்டர் போட்ட கடையை. இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பல கடைகள் காணாமல் போகின்றன.

முதலில் பெயர். கடை போர்டில் என்ன இருக்கிறதோ அதுவே பதிவிலும் இருக்க வேண்டும். ‘சுங்குடி ஆன்லைன் ஷாப்பிங் குறைந்த விலை மதுரை’ என்று பெயரோடு ஒட்டவைத்தால், யாராவது புகார் கொடுத்ததும் பதிவே முடக்கப்படலாம்.

அடுத்தது தொழில் வகை. இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நம் கடைக்காரர் ஆன்லைனிலும் விற்கிறோமே என்று முதன்மை வகையாக E-commerce service என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். சேலை தேடும் ஒருவருக்கு இந்தக் கடையைக் காட்டலாம் என்று கூகுள் எதை வைத்து முடிவு செய்யும்? Sari store என்று மாற்றினால் தேடலும் கடையும் பொருந்துகின்றன. துணை வகைகளாக ஒன்பது வரை சேர்க்கலாம். இந்தக் கடைக்கு ஒன்றிரண்டே போதும்.

சேவைப் பகுதி என்ற கட்டத்தில் ‘இந்தியா முழுவதும்’ என்று நிரப்புவதும் தவறு. நம் ஆட்களே நேரில் போய்ப் பொருளோ சேவையோ கொடுக்கும் இடங்களுக்கானது அது. கூரியர் போகும் ஊரெல்லாம் அதில் சேராது. முகவரியில் வீட்டையோ குடோனையோ கொடுக்காமல் கடையையே கொடுத்து, மேப்பில் உள்ள பின்னைக் கடை வாசல் மேலேயே நகர்த்தி வையுங்கள். சந்துக்குள் இருக்கும் கடைக்கு இது மிக முக்கியம்.

பிறகு சரிபார்ப்பு. இப்போது பலரிடம் வீடியோ கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்; குறைந்தது 30 விநாடி. தெருப் பெயர்ப் பலகையும் பக்கத்துக் கடையும் தெரியத் தொடங்கி, நம் போர்டைக் காட்டி, பூட்டைத் திறந்து உள்ளே போய், சேலை அடுக்கையும் கல்லாவையும் காட்டி முடியுங்கள். பூட்டைத் திறப்பதும் கல்லாவைத் திறப்பதும்தான் கடை உங்கள் பொறுப்பில் இருப்பதற்குச் சான்று. உள்ளே மட்டும் எடுத்த வீடியோ திரும்பி வந்துவிடும்.

இத்தனையும் சரியான பிறகு வெப்சைட்டை இணைக்கலாம். முகப்புப் பக்கத்தைவிட, கடைக்கென்று ஒரு தனிப் பக்கம் போட்டு அதன் இணைப்பைக் கொடுப்பதே நல்லது. முகவரி, போன் எண், திறக்கும் நேரம் மூன்றும் பதிவில் உள்ளபடியே அந்தப் பக்கத்திலும் இருக்கட்டும். இணைப்பின் பின்னால் இப்படி ஒரு வால் சேர்த்தால், மேப் வழியாக எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஆர்டர் போட்டார்கள் என்பது வெப்சைட்டின் கணக்கில் தனியாகத் தெரியும்:

```
?utm_source=google&utm_medium=organic&utm_campaign=map
```

வேலை பலித்ததா என்று பார்க்க, கடைப் பெயரைத் தேடிப் பயனில்லை; பெயர் தெரிந்தவருக்குக் கடை எப்படியும் வரும். பதிவின் Performance பகுதியைத் திறந்து, என்ன சொற்களைத் தேடியவர்களுக்குக் கடை காட்டப்பட்டது என்று பாருங்கள். அங்கே கடைப் பெயர் மட்டுமே இருந்தால், புது ஆட்கள் கண்ணில் கடை இன்னும் படவில்லை என்று அர்த்தம். ‘சுங்குடி’, ‘காட்டன் சேலை’ போன்ற சொற்கள் வரத் தொடங்கினால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பொருத்தம், தூரம், பெயர் பரவியிருக்கும் அளவு ஆகிய மூன்றையும் பார்த்தே கூகுள் வரிசைப்படுத்துகிறது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மாசி வீதிக் கடை திருமங்கலத்தில் தேடுபவருக்கு முதலில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டியது வெப்சைட்தான். மூன்றாவதற்கு ரிவ்யூ உதவும். வாங்கிப் போகிறவரிடம் கேட்கலாம். ஆனால் தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லி வாங்குவது விதிமீறல்.

பதிவு செய்த சில நாளில் ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் முதலிடம்’ என்று போன் வரலாம். இந்த வரிசையில் இடம் விற்கப்படுவதில்லை. பணமும் கட்டாதீர்கள், போனுக்கு வரும் சரிபார்ப்பு எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.